சனிக்கிழமை பின்னேரம், சந்தியில் வரும் தாகம்

கத்தாரில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்த ஒரு மேசன். அங்கே இருந்த காலம் முழுக்க ஒரு துளி சாராயம் தொடவில்லை. தொடுவதற்கு வழியே இருக்கவில்லை என்பது ஒரு பக்கம். ஆனால் அவரைக் கேட்டால், முதல் சில கிழமைகளுக்குப் பிறகு அந்த நினைப்பே வரவில்லை என்பார். வந்து இறங்கிய அன்று மனைவியிடமும் அதைத்தான் சொன்னார்: "அதெல்லாம் விட்டாச்சு. இனி அந்தப் பக்கமே இல்லை." பொய் சொல்லவில்லை. உண்மையாகவே விட்டுவிட்டதாகத்தான் நினைத்தார்.

முதல் கிழமை வீட்டோடு போனது. இரண்டாம் கிழமை பழைய கொந்தராத்துக்காரர் கூப்பிட, சுன்னாகப் பக்கம் ஒரு வீட்டு வேலைக்குப் போனார். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கையில் இருந்த சீமெந்தைக் கழுவி, கிழமைக் கூலியை எண்ணி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். வழியில் சந்தி. கச்சான் வறுக்கிற வாசம். நாலு கடை தள்ளிப் பழைய தவறணை. அந்த இடத்தில் நடந்ததை அவர் வாயாலேயே கேட்பது நல்லது: "வாய் ஊறிச்சுது. நெஞ்சு படபடவெண்டுது. கை தானாப் பிரேக் பிடிச்சுது அண்ணை."

அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை குடித்தார். ஒன்றரை மாதத்தில் பழையபடி ஆனார்.

(இது ஒரே ஆளின் கதை அல்ல. மூன்று நான்கு பேர் சொன்னதைச் சேர்த்து, ஆள் அடையாளம் தெரியாதபடி ஒருவராக்கியிருக்கிறேன். வெவ்வேறு ஊர்க்காரர்கள், கதை மட்டும் ஒன்றுபோலவே இருந்தது.)

இரண்டு வருடம் வராத ஆசை இரண்டாவது சனிக்கிழமை ஏன் வந்தது? ஊர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: நாய் வாலை நிமிர்த்த ஏலாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, அவருக்கு ஏன் கத்தாரில் வராமல் சந்தியில் வந்தது என்று சொல்ல முடியாது. ஆள் ஒருவர்தான், மாறியது இடம்.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் ஏபிரகாம் விக்லர் என்ற அமெரிக்க மருத்துவர். 1940களில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில், போதைக்கு அடிமையானவர்களுக்கென்று அரசு நடத்திய மருத்துவமனையில் வேலை செய்தார். அங்கே மாதக்கணக்காக ஹெரோயினோ மார்பினோ தொடாத நோயாளிகள் இருந்தார்கள். உடம்பில் மருந்து இல்லை, நடுக்கம் எல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் கூட்டமாக உட்கார்ந்து பழைய போதைக் கதைகளைப் பேசத் தொடங்கினால் சிலருக்குக் கொட்டாவி வரும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். மருந்து நிறுத்திய முதல் நாட்களில் வருகிற அதே அறிகுறிகள். வெறும் பேச்சு அதைச் செய்தது. குணமாகி வீட்டுக்குப் போனவர்களும் பழைய தெருவை நெருங்கும்போது உடம்பு முறுக்கத் தொடங்கியதாகச் சொன்னார்கள்.

விக்லர் இதை ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களில் கண்டதோடு சேர்த்துப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு சத்தம் கேட்டால், பிறகு அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு வாய் ஊறும். எங்கள் மேசனுக்குக் கச்சான் வாசம் அப்படி. பத்து வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாசத்துக்குப் பத்து நிமிடம் கழித்து உடம்புக்குள் சாராயம் இறங்கியிருக்கிறது. ஐந்நூறு தடவைக்கு மேல் ஒரே பாடம். பள்ளிக்கூடத்தில் எதையாவது ஐந்நூறு தடவை படித்தவர் யார்?

நான் சிகரெட் விட்டு ஒன்பது வருடம். இன்றைக்கும் மழைக்கு ஒதுங்கித் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றால் வலது கை சட்டைப் பையைத் தடவும். சிகரெட் குடிக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே கை போய்விடும். வரிசை அப்படித்தான்: முதலில் உடம்பு, பிறகுதான் எண்ணம்.

இந்த வரிசையை மூளைக்குள் பார்த்தவர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமின் என்ற வேதிப்பொருளை விடுகிற நரம்புக் கலங்கள் எப்போது துடிக்கின்றன என்று அளந்தார். தொடக்கத்தில் சாறு நாக்கில் பட்டதும் துடித்தன. சாறுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது அவை பெரிதாக அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் வழக்கமான துடிப்புக்கூடக் கீழே விழுந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தவறணைக்கு முன்னால் நிற்கிற ஆளைப் பார்த்தால் சில விஷயங்கள் பிடிபடும். அவருடைய மூளை சாராயத்துக்காகக் காத்திருக்கவில்லை. கச்சான் வாசத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டது. குடிக்காமல் தாண்டிப் போனால் 'ஏதோ குறைகிறது' என்ற வெறுமை வரும், எரிச்சல் வரும். இன்னொன்றும் உண்டு. பழைய குடிகாரர்கள் பலர் "இப்ப குடிச்சாலும் அந்தச் சந்தோசம் இல்லை, ஆனா விடவும் முடியேல்லை" என்பார்கள். இதைச் சாட்டு என்று நினைத்திருந்தேன். இல்லை. வேண்டும் என்று இழுப்பதும், கிடைத்ததும் சுவைப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே எழுதிவருகிறார்கள். வருடங்கள் போகப் போகச் சுவை தேய்ந்துபோகலாம். இழுப்பு கூடிக்கொண்டே போகலாம்.

சரி, எது எது இழுக்கும்? கச்சான் வாசம் போல ஆசையைக் கிளப்பிவிடுகிற அடையாளங்களைக் குறிகள் என்று வைத்துக்கொள்வோம். இடம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. தவறணை, மதகு, பந்து விளையாடி முடிந்து கூடுகிற வளவு. பிளாவில் கள்ளுக் குடித்துப் பழகியவருக்குப் பனையோலை மணமே போதும். ஆட்களும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டாலே உடம்பு எழுந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். காசும் ஒரு குறிதான். வங்கியில் கிடக்கிற காசு அல்ல, சட்டைப் பையில் நெஞ்சில் உரசுகிற காசு. மேசனுக்குக் கத்தாரில் சம்பளம் மாதம் ஒருமுறை வங்கிக்குப் போனது. அந்த உரசல் அவருக்கு இரண்டு வருடமாக இல்லை.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது உள்ளே இருக்கிற குறி. சந்தியைச் சுற்றிப் போகலாம், கவலையைச் சுற்றிப் போவது எப்படி? கோபம், தனிமை, வெட்கம், வேலை முடிந்த களைப்பு, பசி என்று எந்த நிலையில் ஒருவர் திரும்பத் திரும்பக் குடித்தாரோ அந்த நிலையே அவருக்குக் கச்சான் வாசம் ஆகிவிடும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், விட்ட பிறகு மறுபடி தொடங்கிய 311 சம்பவங்களை எடுத்து, 'அந்த முதல் தடவைக்குச் சற்று முன் என்ன நடந்தது?' என்று பிரித்துப் பார்த்தார். குடி, சிகரெட், ஹெரோயின், சூதாட்டம் எல்லாம் அதற்குள் இருந்தன. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், மனம் கெட்டிருந்த நேரம். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, கூட இருந்தவர்கள் கூப்பிட்டது. ஆறில் ஒன்று, யாரோடோ கொழுவல். இந்த மூன்றுமே முக்கால்வாசிக் கதையை முடித்துவிடுகின்றன.

எங்கள் ஊரில் இவற்றில் முதல் இரண்டும் ஒரே இரவில் ஒரே இடத்தில் கூடும் ஒரு நிகழ்வு உண்டு: செத்தவீடு. மனம் கனத்திருக்கும். பழைய கூட்டாளிகள் எல்லோரும் வந்திருப்பார்கள். இரவு முழித்திருக்க வேண்டும். பின்வளவில் போத்தில் இருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு நீட்டுவதில்லை. "மனசு ஆறட்டும், ஒரு சின்னத் துளி எடு மச்சான்" என்றுதான் நீட்டுவார்கள். வருடக்கணக்காக விட்டிருந்து அந்தியேட்டிக்கு முன்பே பழையபடி ஆனவர்களை நான் கண்டிருக்கிறேன். கல்யாண வீட்டைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். செத்தவீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இப்போது நல்லூருக்கு வருவோம். திருவிழா 25 நாள். அந்த நாட்களில் மச்சம் சாப்பிடாமல், சாராயம் தொடாமல் இருப்பவர்கள் ஏராளம். நாளாந்தம் எடுப்பவர்கள்கூட அதில் உண்டு. கொடி இறங்கியதும் தொடங்குவார்கள். "நான் நினைச்சா விடுவன், 25 நாள் விட்டனே" என்பது எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கிற வாதம். கேட்கிற மனைவிமாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. விட்டது உண்மைதானே?

இஸ்ரேலில் ரூவன் டார் என்ற உளவியலாளர் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்டார். மத நம்பிக்கை உறுதியாக உள்ள யூதர்கள் சபத் நாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் புகைப்பதில்லை. நாளுக்கு எத்தனையோ சிகரெட் ஊதுகிறவர்கள், வெள்ளி மாலையிலிருந்து சனி இரவுவரை ஒன்றுகூட இல்லை. அவர்களிடம் ஆசையின் அளவைக் கேட்டார். பிறகு ஒரு சாதாரண வார நாளில் அதே ஆட்களைப் புகைக்காமல் இருக்கச் சொல்லி மறுபடியும் கேட்டார். இரத்தத்தில் நிக்கோடின் குறைவது இரண்டு நாளிலும் ஒன்றுதான். ஆனால் சபத்தில் ஆசை குறைவு, வார நாளில் அதிகம். பிறகு அவரும் கூட இருந்தவர்களும் விமானப் பணியாளர்களைப் பார்த்தார்கள். புகைக்கத் தடையுள்ள பயணம். சிலது குறுகியது, சிலது நீண்டது. கடைசிச் சிகரெட் முடிந்து எத்தனை மணிநேரம் ஆனது என்பதைவிட, விமானம் இறங்க இன்னும் எவ்வளவு நேரம் என்பதோடுதான் ஆசை ஏறியது. குறுகிய பயணமோ நீண்ட பயணமோ, இறங்கப் போகும் நேரத்தில்தான் உச்சம்.

'கிடைக்காது' என்று மூளைக்கு உறுதியாகத் தெரிந்தால் குறி பெரிதாக வேலை செய்வதில்லை. 'கிடைக்கப் போகிறது' என்றால் செய்கிறது. நல்லூர்க் காலத்தில் வீட்டில் விரதச் சமையல், கூட்டாளியும் விரதம், பின்னேரம் கோயில் வீதி, நெற்றியில் திருநீறு. அந்த ஆளைச் சுற்றியிருந்த குறிகள் எல்லாம் 25 நாளைக்கு எடுத்து மடித்து வைக்கப்பட்டுவிட்டன. அவர் ஆசையோடு சண்டை பிடித்து வெல்லவில்லை; சண்டையே நடக்கவில்லை. இதைச் சொல்வது விரதத்தைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. ஒரு ஊரே சேர்ந்து குறிகளை மடித்து வைக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஆனால் அதை வைத்து 'எனக்கு அடிமைத்தனம் இல்லை' என்று தீர்ப்பு எழுதக்கூடாது. போயா நாளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கடை பூட்டு என்று தெரிந்த நாள் அமைதியாகப் போகும். நாளைக்குப் பூட்டு என்று தெரிந்த முதல் நாள் பின்னேரம் அலைச்சல்.

இடம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய அளவில் கிடைத்த சான்று வியட்நாம் போரிலிருந்து வந்தது. அங்கே இருந்த அமெரிக்கப் படையினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் அவர்கள் திரும்பத் தொடங்கியபோது நாட்டில் பெரிய பயம். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். மூன்று வருடத்தில் பன்னிரண்டு பேர். அமெரிக்க மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று வெளியே போன ஹெரோயின் நோயாளிகளில் பெரும்பாலானோர் மறுபடி தொடங்கிவிடுவார்கள் என்பதே அன்றைய அனுபவம். அதனால் இந்த எண்ணை நம்பவே பலருக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்கு ஒரே காரணம் இடம் மட்டும்தான் என்று சொல்ல முடியாது. ஊரில் ஹெரோயின் விலை அதிகம், கிடைப்பது கஷ்டம், போரின் பயமும் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்று: அவர்கள் அதைப் பழகிய காடும் முகாமும் சக வீரர்களும் ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் நின்றுவிட்டன. வீட்டு வாசலில் அவர்களுக்குக் கச்சான் வாசம் இல்லை. எங்கள் மேசனுடையது இதைத் தலைகீழாகப் புரட்டிய கதை. பழகியது ஊரில், விட்டது வெளிநாட்டில், திரும்பியது பழகிய ஊருக்கே.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இரண்டு வருடம் குடிக்காமல் இருந்தாரே, அந்தப் பழைய பாடம் அழிந்திருக்க வேண்டாமா? பயன்படுத்தாத பாதையில் புல் முளைத்துவிடாதா?

மார்க் பவுட்டன் என்ற உளவியலாளரின் எலிச் சோதனைகள் இதற்குத் தருகிற பதில் கொஞ்சம் சங்கடமானது. ஒரு கூட்டில் எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும் என்று பழக்குவார்கள். பிறகு வேறு கூட்டுக்கு, அதாவது வேறு வாசம், வேறு தரை உள்ள கூட்டுக்கு மாற்றி, அங்கே எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் விழாமல் செய்வார்கள். எலி மெல்ல மெல்ல அழுத்துவதை விட்டுவிடும். மறந்துவிட்டது என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். அப்புறம் அதைப் பழைய கூட்டுக்குள் விடுவார்கள். எலி நேரே போய் மறுபடி அழுத்தத் தொடங்கும். மதுவோடும் மற்றப் போதைப்பொருட்களோடும் செய்த சோதனைகளிலும் இதே முடிவு.

அதாவது பழைய பாடம் அழியவில்லை. அதன் மேல் இன்னொரு பாடம் எழுதப்பட்டது: 'இந்தக் கூட்டில் ஒன்றும் கிடைக்காது.' பழைய பாடம் எங்கும் செல்லுபடியாகும். புதிய பாடம் அது படித்த இடத்தில்தான் செல்லுபடியாகும். மேசன் கத்தாரில் படித்தது 'கத்தாரில் குடிப்பதில்லை' என்பதைத்தான். ஊர்ச் சந்தியைப் பற்றி அவர் ஒன்றுமே புதிதாகப் படித்திருக்கவில்லை. அங்கே அவருக்கு அது இரண்டு வருடத்துக்கு முந்திய சனிக்கிழமையேதான்.

சிகிச்சை நிலையங்களில் இரண்டு மூன்று மாதம் இருந்து வெளியே வருகிறவர்களுக்கும் இதே பொறி. உள்ளே இருந்தபோது நன்றாக இருந்தார், முகம் தெளிந்தது, உடம்பு ஏறியது. வந்து பத்தாம் நாள் விழுந்தார். வீட்டார் 'சிகிச்சை சரியில்லை' என்பார்கள் அல்லது 'இவன் திருந்தமாட்டான்' என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். சிகிச்சை அறையிலேயே போத்திலைக் காட்டிக் காட்டி, குடிக்கவிடாமல் பழக்கி ஆசையைத் தணிக்கும் முறை ஒன்றும் ஒரு காலத்தில் நம்பிக்கையோடு செய்யப்பட்டது. அந்த ஆய்வுகளை 2002இல் இரண்டு பேர் தொகுத்துப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. அறையில் தணிந்தது அறையிலேயே நின்றுவிட்டது.

காலத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நாட்கள் கூடக்கூட ஆசை குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தானாக வருகிற ஆசை அப்படிக் குறைகிறதுதான். ஆனால் குறியைக் கண்டு வருகிற ஆசை வேறு. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொக்கெய்னுக்குப் பழகிய எலிகளை வெவ்வேறு நாள் அளவுக்கு விலக்கி வைத்து, பிறகு பழைய விளக்கையும் சத்தத்தையும் மட்டும் காட்டினார்கள். ஒரு நாள் மட்டும் விலகியிருந்தவற்றைவிட ஒரு மாதம் விலகியிருந்தவை நெம்புகோலை அதிகமாக அழுத்தின. இரண்டு மாதம் விலகியிருந்தவை அதைவிடவும் அதிகம். மனிதர்களில், சிகரெட் விட்டவர்களைப் பார்த்த ஆய்விலும் முதல் சில கிழமைகளில் குறிக்கு வரும் ஆசை ஏறுவது தெரிந்திருக்கிறது. முதல் கிழமை கடினம், பிறகு சுலபம் என்று நினைத்துக் காவலை எடுத்துவிடுகிற நேரமும் இந்த ஏற்றமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஹெரோயின், சிகரெட், மது மூன்றிலும் விட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி தொடங்குவதாக 1971இல் வரைந்து காட்டப்பட்ட ஒரு கோடு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மூன்று பொருளுக்கும் கோடு ஏறக்குறைய ஒரே வடிவம்.

மேசன் விழுந்த அந்தச் சனிக்கிழமையை நாங்கள் கொஞ்சம் மெதுவாகப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். 'நேரே தவறணைக்குப் போனேன்' என்றுதான் முதலில் சொன்னார். அப்படி இல்லை. காலையில் கொந்தராத்துக்காரரோடு கூலி பற்றி ஒரு கதை, மனம் கொதித்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை முடிந்ததும், வீட்டில் பாண் இல்லை என்று நினைவு வந்தது. பாண் வீட்டுப் பக்கத்துக் கடையிலும் உண்டு. ஆனால் 'சந்திப் பேக்கரியில் சூடாக இருக்கும்' என்று தோன்றியது. சைக்கிளைப் பேக்கரிக்கு முன்னால் விடாமல், நிழல் என்று சொல்லி எதிர்ப் பக்கம் விட்டார். எதிர்ப் பக்கத்தில்தான் கூட்டாளி நின்றான். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத முடிவு. யாரும் 'இன்றைக்குக் குடிக்கப் போகிறேன்' என்று முடிவெடுக்கவில்லை. பாண் அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

பிறகு முதல் மிடறு. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சாராயமே சாராயத்துக்குக் குறி. வாயில் பட்ட சுவையும் உடம்பில் ஏறிய சூடும் 'அடுத்தது வரும்' என்று சொல்கின்றன. இரண்டாவது தலைக்குள் நடக்கிறது: 'ரெண்டு வருசம் காத்தது போச்சு. இனி ஒண்டும் ஒண்டுதான், போத்திலும் ஒண்டுதான்.' மார்லட் இதைத் தனியாகவே பெயரிட்டு எழுதினார். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். அன்று இரவு வீட்டில் கேட்கிற பேச்சும் இந்தக் கணக்கைச் சரி என்றுதான் ஆக்கும். அவர் மனைவி கத்தவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, நாளைக்குக் காலமை கதைப்பம்" என்றார். அது தனக்குப் பெரிய உதவி என்று பின்னால் அவரே சொன்னார். ஆனாலும் அந்த முறை ஒன்றரை மாதம் இழுத்துக்கொண்டுதான் போனது.

இரண்டாம் முறை விடும்போது செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குத் தேவையானது. ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவில் இருந்த ஒருவர் அவரிடம் மன உறுதி பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு கொப்பியைக் கொடுத்து, ஆசை வந்த ஒவ்வொரு முறையும் எத்தனை மணி, எந்த இடம், யார் கூட, வயிற்றில் என்ன, மனதில் என்ன என்று எழுதச் சொன்னார். மூன்று கிழமைக் கொப்பியில், எழுதியவற்றில் பாதிக்கு மேல் சனிக்கிழமை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில். மிச்சத்தில் பல, மத்தியானம் சாப்பிடாத நாட்கள். எதிரி எங்கும் இருப்பதாக நினைத்திருந்தவருக்கு, அவன் கிழமைக்கு இரண்டு மணிநேரம்தான் வருகிறான் என்று தெரிந்தது.

கூலியைத் திங்கட்கிழமை வங்கியில் போடும்படி கொந்தராத்துக்காரரைக் கேட்டுக்கொண்டார். சனி மத்தியானம் கட்டாயம் சோறு. வீட்டுக்கு வர ஒழுங்கைப் பாதை. ஆசை வந்தால் எதிர்த்து நிற்காமல் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதும் ஒன்று. பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் அது உச்சிக்குப் போய் இறங்கிவிடும், குடிக்காமலே இறங்கும். இதை ஒருமுறை நேரில் காணும்வரை யாரும் நம்புவதில்லை. குடித்தால்தான் ஆசை அடங்கும் என்பதுதான் பழகிய அனுபவம். குடிக்காமல் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை.

ஆனால் சந்தியை வாழ்நாள் முழுக்கச் சுற்றிப் போக முடியாது. எலியின் புதிய பாடம் பழைய கூட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். அதனால் மூன்றாம் மாதத்திலிருந்து மச்சானோடு, வயிறு நிறைந்த ஒரு காலை நேரத்தில், காசு இல்லாமல் சந்தி வழியாகப் போய்வரத் தொடங்கினார். பிறகு பின்னேரம். பிறகு தனியாக. கடைசியில்தான் சனிக்கிழமை. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. விட்டு ஒரு கிழமையில் 'நான் என்னைச் சோதிக்கிறேன்' என்று தவறணை வாசலில் போய் நிற்பது வேறு வேலை.

மருந்தும் உதவும், அளவோடு. நல்ட்ரெக்சோன் போன்றவை குடி தருகிற இன்பத்தைக் குறைக்கும், இழுப்பையும் கொஞ்சம் குறைக்கும், சந்தியை அழிக்காது. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச் செய்கிற குளிசையை ஆளுக்குத் தெரியாமல் சோற்றுக்குள் போட்டுக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அது உயிருக்கு ஆபத்து. தெரியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். அதேபோல, காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிற அளவுக்குப் போனவர் வீட்டில் தானாக ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதன் பின் புத்தி தடுமாற்றமும் வரலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ காட்டித்தான் தொடங்க வேண்டும்.

ஹெரோயினில் இன்னொரு ஆபத்து. இப்போது எங்கள் பெடியன்கள் சிலர் அதற்குள் போயிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. சில மாதம் விட்டிருந்தவருக்கு உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும்; ஆசை மட்டும் பழைய அளவையே கேட்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு கிழமைதான் இதில் மிகக் கொடியது. வீட்டார் கண் வைக்க வேண்டிய காலம் அது.

மேசன் இப்போது சனிக்கிழமைகளிலும் சந்தி வழியாகத்தான் வருகிறார். எதிர்ப் பக்கத்தில் கூட்டாளி நின்றால் கை காட்டுவார், சைக்கிளை நிறுத்தமாட்டார். வாய் ஊறுவது நின்றுவிட்டதா என்று கேட்டேன். "ஊறும். முந்தி மாதிரி இல்லை" என்றார். பிள்ளைகளுக்குக் கச்சான் பிடிக்கும். அதை மட்டும் வேறு சந்தியில் வாங்குகிறார்.